முறத்தில் வைத்ததும் வாய்விட்டுக் கேட்டதும்

சேலத்து நூல் மில்லிலிருந்து எனக்கு வேலைக் கடிதம் வந்தபோது நான் ஆஸ்பத்திரிக் கிணற்றடியில் ரத்தத் துணி அலசிக்கொண்டிருந்தேன். இரண்டு நாளாகச் சரியான தூக்கமில்லை. தபால்காரர் ரிஜிஸ்டர் என்றார், கையெழுத்து என்றார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுக் கண்ணாத்தாள் என்று கிறுக்கிக் கொடுத்தேன். கவரைப் பிரிக்கவும் அலுப்பாக இருந்தது. நான் எதற்காக ஆறு மாதமாகக் காத்திருந்தேனோ அது கையில் வந்துவிட்டது, உடம்பு மட்டும் சந்தோஷப்பட மறுத்தது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டாம் வருஷம், சித்திரை மாதம். பரமத்தி வேலூர் ஜில்லா போர்டு ஆஸ்பத்திரியில் நான் மிட்வைப். ஊர்க்காரர்களுக்கு மருத்துவச்சி. என் அம்மாளும் மருத்துவச்சிதான். அவள் அருவாமனையில் தொப்புள்கொடி அறுத்தாள், நான் சேலத்தில் ஒன்றரை வருஷம் படித்துச் சர்டிபிகேட் வாங்கிக் கத்தரிக்கோலை வெந்நீரில் கொதிக்க வைத்து அறுக்கிறேன். வித்தியாசம் அவ்வளவுதான். இரண்டு பேரையும் கொல்லைப்புறமாகத்தான் வீட்டுக்குள் கூப்பிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் டாக்டரும் கம்பவுண்டர் நாச்சிமுத்துவும். டாக்டரிடம் கொண்டுபோனால், வேறு வேலை தேடுகிறாயா என்று முகத்தைத் தூக்கிக்கொள்வார். அதனால் நாச்சிமுத்துவிடம் நீட்டினேன். நல்ல மனுஷன். எதையும் மருந்து அளக்கிற மாதிரி நிதானமாகச் செய்வார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

"மில் ஆஸ்பத்திரியில மிட்வைப் வேலை உங்களுக்குத் தாரோம்னு எழுதியிருக்காங்க. சம்பளம் மாசம் முப்பது. இருக்கறதுக்கு ஊடு சும்மா. ஒரு வருஷம் தற்காலிகம். மே பதினஞ்சுக்குள்ள வந்து சேரணும். சம்மதமா இல்லியான்னு பத்து நாளைக்குள்ள எழுத்துல சொல்லணும்."

"வருஷா வருஷம் எவ்வளவு ஏத்துவாங்களாம்?"

அவர் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"ஏத்தறதைப் பத்தி எழுதலீங்க. முப்பதுதான் மொத்தமும்னு போட்டிருக்குது. பஞ்சப்படியும் கெடையாதுன்னு அர்த்தம்."

எனக்குச் சுருக்கென்றது. யுத்தம் வந்ததிலிருந்து அரிசியும் சீமெண்ணெயும் விற்கிற விலைக்கு, அந்த மில்லில் நூல் நூற்கிறவனுக்குக்கூடப் பஞ்சப்படி கொடுக்கிறார்கள். அவன் பெண்டாட்டிக்குப் பிள்ளை பெற வைக்கிறவளுக்கு மட்டும் கிடையாது. அஸ்தம்பட்டியில் இருக்கிற அவர்கள் ஆபீசுக்கு நான் நேரில் போனபோது, "அதெல்லாம் பின்னாலே பார்த்துக்கலாம்" என்று மானேஜர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அந்தச் சிரிப்பைக் கடிதத்தில் காணோம்.

"அதே மில்லுல கம்பவுண்டர் வேலைக்கு என்ன போட்டிருந்தாங்க தெரியுங்களா?" என்றார் நாச்சிமுத்து. "பேப்பர்ல பார்த்தேன். நாப்பதுல ஆரம்பிச்சு, வருஷம் ரெண்டு ரூபா ஏறி, அறுபது வரைக்கும்."

இங்கே போர்டில் எனக்கு இருபத்தேழு. வருஷத்துக்கு ஒரு ரூபாய் ஏறி நாற்பதில் நிற்கும். பிராவிடண்ட் பண்டு உண்டு. அதை விட்டுவிட்டு, ஏறவே ஏறாத முப்பதுக்குப் போனால், அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைதான். என் புருஷன் காவேரி வெள்ளத்தில் போய் ஒன்பது வருஷமாகிறது. இருக்கிற ஒரே துணை இந்த போர்டு உத்தியோகம்.

ஆனாலும் அந்தக் கடிதத்தை அன்றே மறுக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் என் மகள் சௌந்திரம்.

அவளுக்குப் பதின்மூன்று வயது. மூன்றாம் பாரம், அதாவது எட்டாம் வகுப்பு, முடித்துவிட்டாள். எங்கள் ஊரில் பெண்பிள்ளை அதோடு நிற்க வேண்டியதுதான். மேலே படிக்கச் சேலத்துக்குத்தான் போக வேண்டும். மில் வேலை கிடைத்தால் சேலத்தில் குடியிருந்துகொண்டு அவளைப் பெண்கள் ஹைஸ்கூலில் சேர்க்கலாம் என்றுதான் மனுவே போட்டேன். அவளுடைய டீச்சர் அந்தப் பள்ளி ஹாஸ்டலுக்கு ஒரு விண்ணப்பப் பாரம் வாங்கிக் கொடுத்திருந்தார். மாதம் ஒன்பது ரூபாய். ஏழைகளுக்குக் குறைப்பார்களாம். 'மாதம் எவ்வளவு கட்ட முடியும்' என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் பாரத்தைத் தகரப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். மில் வேலை வரப்போகிறது, ஹாஸ்டல் எதற்கு என்று அவளிடம் சொன்னேன். உண்மையில் எனக்கு அந்தக் கட்டத்தைப் பார்க்கவே கூசியது.

பெண் படிக்காமல் வீட்டில் இருந்தால் என் அண்ணன் செங்கோடன் சும்மா இருக்கமாட்டார். அவர் மகனுக்குச் சௌந்திரம் முறைப்பெண். போன பொங்கலுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"படிப்பு முடிஞ்சா பேச்சை முடிச்சுப் போடலாம் கண்ணாத்தா. வயசுக்கு வந்த புள்ளையை வச்சுக்கிட்டு நீ ராத்திரி பகல்னு பிள்ளைப்பேத்துக்கு ஓடிக்கிட்டு இருப்பியா?"

அவர் கெட்டவர் இல்லை. அந்தப் பையனும் கெட்டவன் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டம். என்ன காரணம் சொல்லி மறுப்பது?

எட்டு நாள் யோசித்தேன். அடுப்படியில் சோறு வடிக்கும்போதும், அம்மியில் அரைக்கும்போதும் வாய் தானாக முணுமுணுக்கும். வாடகை மிச்சம் இரண்டரை. சேலத்தில் விறகு விலை கூட. பால் விலை கூட. பத்து வருஷம் கழித்தும் முப்பது. கம்பவுண்டருக்கு மாதிரி நாற்பது கொடுத்து ஏற்றினால் போகலாம். சௌந்திரம் நாலாம் பாரம் படிக்கலாம், அஞ்சாம் பாரம் படிக்கலாம், அதற்குள் அரிசி விலை முப்பது ரூபாயைத் தின்றுவிடும். பாதியில் நிறுத்த வேண்டி வரும். அப்போது திரும்பி வந்தால் போர்டு வேலை காத்துக்கொண்டா இருக்கும்? இந்த முணுமுணுப்பையெல்லாம் சௌந்திரம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஒன்பதாம் நாள் நாச்சிமுத்துவிடம் போய், "வேண்டாம்னு எழுதிக் குடுங்க" என்றேன். "ஆனா ஒரேயடியா வேண்டாம்னு இருக்கக்கூடாது. சம்பளமும் போதாது, மேலுக்கு வர வழியுமில்லே, அதனால இப்போ முடியலே. அவங்க மாத்தினா நான் வாரேன். அப்படி இருக்கணும்."

அவர் பென்சிலை எடுத்து, தமிழில் சொல்லிக்கொண்டே மருந்துச் சீட்டின் பின்பக்கம் இங்கிலீஷில் எழுதினார். முதலில் அவர்கள் கடிதத்தின் நம்பரும் தேதியும். அப்புறம் நன்றி. அப்புறம் 'ஏழை விதவையாகிய நான் தங்கள் பாதங்களில் பணிந்து' என்று ஆரம்பித்தார்.

"அதை அடிங்க," என்றேன். "நான் ஒண்ணும் கருணை மனு போடலே. அவங்க கூப்பிட்டாங்க, நான் வரலீங்கறேன். இதுல பாதம் எங்கே வந்துச்சு?"

"வழக்கமா எழுதறதுங்க."

"வழக்கத்தைக் கொண்டுபோய்க் காவேரியில போடுங்க."

அவர் சிரித்துக்கொண்டே அடித்தார். என் வேலையை மதித்து அழைத்ததற்கு நன்றி, இப்போதுள்ள ஊதியத்தையும் உயர்வையும் பார்க்கும்போது ஏற்க இயலவில்லை, வருத்தம், பின்னால் நிபந்தனைகள் மாறினால் என்னை மறுபடி நினைத்துக்கொண்டால் மகிழ்வேன். இவ்வளவுதான். படித்துக் காட்டியபோது எனக்குப் பிடித்திருந்தது. கடைசியில் ஒரு வரி எழுதி நடுவில் இடம் விட்டார்.

"இங்கே தொகையைப் போடணுமுங்க. எவ்வளவு குடுத்தா வருவீங்கன்னு. நாப்பதா, நாப்பத்தஞ்சா?"

அதை என் வாயால் சொல்ல முடியாது.

இதைச் சொன்னால் மற்றவர்களுக்குப் புரியுமோ என்னமோ. எங்கள் தொழிலில் கூலி கேட்கிற வழக்கம் கிடையாது. பிள்ளை பிறந்து தாயும் சேயும் குளித்த பிறகு, வீட்டுக்கார அம்மாள் ஒரு முறத்தில் அரிசியும் வெற்றிலை பாக்கும் தேங்காயும் வைத்து, அதன்மேல் அவர்களுக்குத் தோன்றிய காசை வைத்து நீட்டுவாள். ஒரு ரூபாயும் வைப்பார்கள், கால் ரூபாயும் வைப்பார்கள். பார்க்காமல் முந்தானையில் கொட்டிக்கொண்டு வர வேண்டும். கேட்டு வாங்கினால் பிள்ளைக்கு ஆகாது. என் அம்மாள் இதைச் சொல்லித்தான் என்னைத் தொழிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வசதியுள்ள வீடுகளில் வேலை நேரம் போக மீதி நேரத்தில் பார்த்தால் கூலி வாங்கிக்கொள்ளலாம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். பதினாலு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் இவ்வளவு என்று வாயால் சொன்னதில்லை.

"தொகை வேண்டாமுங்க," என்றேன். "அவங்களாப் பார்த்துச் செய்யட்டும்."

"அவங்களாப் பார்த்துத்தானே முப்பது போட்டாங்க? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். உங்களுக்குத் தெரியாததா?"

"அந்த வரியை அடிச்சுடுங்க."

"அடிக்கலே. அப்படியே இருக்கட்டும். ஊட்டுக்குப் போய் யோசிச்சு, வேணுமுன்னா தொகையைப் போடுங்க. வேண்டாமுன்னா வரியை விட்டுடுங்க."

நல்ல காகிதத்தில் பிழையில்லாமல் எழுத வேண்டுமே. நாச்சிமுத்து எழுத்து ஒரே கோணல். எனக்கு இங்கிலீஷில் மருந்துப் பெயர்களும் என் பெயரும்தான் தெரியும். வீட்டில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவள் ஒருத்திதான்.

சாயங்காலம் சௌந்திரத்தைக் கூப்பிட்டுப் பென்சில் சீட்டைக் கொடுத்தேன். அவள் படிப்பை நிறுத்துகிற கடிதத்தை அவளையே எழுதச் சொல்கிறேன் என்பது கொடுத்த பிறகுதான் உறைத்தது. அப்போது திருப்பி வாங்கினால் இன்னும் அசிங்கம். அவள் முழுவதையும் படித்தாள்.

"அப்போ சேலம் இல்லியாம்மா?"

"இப்போதைக்கு இல்லே சாமி."

"இங்கே இடம் விட்டிருக்குது?"

"அந்த வரி வேண்டாம். விட்டுடு."

தலையாட்டினாள். பேனா நிப்பை மையில் தொட்டுத் தொட்டுக் குனிந்து எழுதினாள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். எழுப்பிக் காகிதத்தை நீட்டினாள். எழுத்தெல்லாம் முத்துப் போல இருந்தது. அரைத் தூக்கத்திலேயே கீழே கையெழுத்துப் போட்டேன். மறுநாள் ஒப்புகைச் சீட்டு வைத்து ரிஜிஸ்டரில் அனுப்பினேன். தபாலாபீசிலிருந்து திரும்பி வரும்போது, சரியாகத்தான் செய்தோம் என்று எனக்கு நானே நாலு தடவை சொல்லிக்கொண்டேன்.

மே பதினைந்து போயிற்று. மே மாதமும் போயிற்று. சௌந்திரம் காலையில் தண்ணீர் சுமந்தாள், சோறாக்கினாள், பழைய மூன்றாம் பாரப் புத்தகத்தையே திருப்பித் திருப்பிப் படித்தாள். நான் பார்க்கும்போது மூடி வைத்துவிடுவாள். செங்கோடண்ணன் ஒரு நாள் வாழைத்தாரோடு வந்தார். ஆடிக்கு முன்னால் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளலாமா என்றார். ஆஸ்பத்திரியில் வேலை அதிகம், பிறகு பேசலாம் என்றேன். எத்தனை தடவைக்கு அந்தச் சாக்கு தாங்கும்?

ஜூன் முதல் வாரத்தில் பதில் வந்தது. நாச்சிமுத்து பிரித்துப் படித்தார். பாதியில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தொகை போட்டீங்களா?"

"இல்லியே."

"போட்டிருக்கீங்க. கேளுங்க. 'நாற்பது ரூபாயில் தொடங்கி ஆண்டுக்கு இரண்டு ரூபாய் உயர்ந்து அறுபது வரை என்ற தங்கள் கோரிக்கை, இந்த ஆண்டுக்கான திட்டம் முடிந்துவிட்டபடியால் இப்போது ஏற்க இயலாதது. தற்காலிகமாக வேறொருவரை நியமித்திருக்கிறோம். ஜனவரியில் அடுத்த ஆண்டுத் திட்டம் டைரக்டர்கள் முன் வரும்போது தங்கள் கடிதமும் வைக்கப்படும். முடிவு தெரிவிக்கப்படும்.'"

கோரிக்கை. நான் கோரிக்கை வைத்தேனாம். அதுவும் கம்பவுண்டருக்குச் சமமாக. அந்த மானேஜர் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்? அவராக நாலு ரூபாய் கூட்டிக் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தால்கூட, இந்தத் தொகையைப் பார்த்ததும் வேறு ஆளைப் பார்த்திருப்பார். அப்படித்தான் அன்றைக்கு எனக்குப் பட்டது. நேரே வீட்டுக்குப் போனேன்.

"நாப்பதுன்னு எழுதினது யாரு?"

சௌந்திரம் முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"நான்தான்."

"விட்டுடுன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னே."

"பின்னே எந்தத் தைரியத்துலடி எழுதினே? உன் படிப்புக்கு நீயே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டியே."

அப்போதுதான் அவள் கை நின்றது.

"நீ எட்டு நாளா அடுப்புக்கிட்டேதான் சொன்னே, நாப்பது குடுத்து வருஷம் ரெண்டு ஏத்தினா போலாமுன்னு. அடுப்புக்கிட்டே சொன்னா மில்லுக்காரனுக்குக் கேக்குமா? நீ சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியும். அதான் எழுதினேன். போகாட்டிப் போகுதும்மா. முப்பதுக்குப் போய் நீ அழுதுக்கிட்டு என்னைப் படிக்க வைக்க வேண்டாம்."

அடிக்கக் கை ஓங்கினேன். ஓங்கின கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கடைசியில் அந்தக் கையாலேயே என் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள். இரண்டு பேருக்கும் அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் நாச்சிமுத்துவிடம் சொன்னேன். மகளைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"கெட்டிக்காரப் புள்ளை," என்றார். "தொகை இல்லாத கடிதத்தை என்னன்னு டைரக்டர் முன்னாலே வைப்பான்? இன்னைக்கு உங்க பேருக்கு நேரா நாப்பதுன்னு ஒரு பைல்ல இருக்குது. கெடைக்குமோ கெடைக்காதோ. இருக்குதுல்ல?"

எனக்கு அவர் பேச்சு அவ்வளவாக ஆறுதல் தரவில்லை. ஜனவரி வரைக்கும் யார் காத்திருப்பது? பள்ளிக்கூடம் அந்த மாதம் இருபதாம் தேதி திறந்துவிடும்.

பதினைந்தாம் தேதி காலையில் கருப்பண்ணன் வீட்டிலிருந்து வண்டி வந்தது. காவேரிக்கரையில் பாதி வெற்றிலைக் கொடிக்கால் அவருடையது. அவர் வெற்றிலை கரூருக்கும் நாமக்கல்லுக்கும் கட்டுக்கட்டாகப் போகும். மருமகளுக்கு முந்தின நாளே வலி கண்டுவிட்டது. அன்று எனக்கு ஆஸ்பத்திரியில் ஓய்வு நாள். கொல்லைப்புறமாகப் போனேன். பிள்ளை கால்பக்கமாக வந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் மாமியார் மாரக்காள் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். மத்தியானம் வரைக்கும் என் இரண்டு கையும் இடுப்பும் எனக்குச் சொந்தமாக இல்லை. கடைசியில் ஆண் பிள்ளை. கொஞ்சம் நீலம் பாரித்துப் பிறந்து, தட்டித் தேய்த்த பிறகு கத்தினான். தாய்க்கும் குறைவில்லை.

கழுவிக்கொண்டு பின்வாசலில் நின்றேன். மாரக்காள் முறத்தோடு வந்தாள். இரண்டு படி அரிசி, தேங்காய், அவர்கள் தோட்டத்து வெற்றிலையே ஒரு கவுளி, அதன்மேல் ஒரு ரூபாய். பின்னால் கருப்பண்ணன் நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

நான் முந்தானையை விரிக்கப் போனேன். விரல் வழக்கம்போல முனையைப் பிடித்துவிட்டது. அடுப்புக்கிட்டே சொன்னா கேக்குமா என்ற குரல் அப்போதுதான் என் காதில் விழுந்த மாதிரி இருந்தது. முந்தானையை இடுப்பில் செருகினேன்.

"பத்து ரூபாய் குடுங்க சாமி."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. மாரக்காள் கையிலிருந்த முறம் சாய்ந்து பாக்கு இரண்டு உருண்டன.

"என்ன கண்ணாத்தா, புதுசா இருக்குது?" என்றார் கருப்பண்ணன். "உங்கம்மா காலத்துல இருந்து வச்சதை எடுத்துக்கிட்டுத்தானே போவீங்க?"

"ஆமாங்க. எங்கம்மா வச்சதைத்தான் எடுத்தா. நான் படிச்சுட்டு வந்தவ. கரூர் டாக்டரைக் கூட்டியிருந்தா அம்பது குடுத்திருப்பீங்க. அவரு வந்து சேர்றதுக்குள்ளே பேரன் இருந்திருக்க மாட்டான்."

"கேட்டு வாங்கினா புள்ளைக்கு ஆகாதும்பாங்களே," என்றாள் மாரக்காள், பயந்த குரலில்.

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆனாலும் பேசினேன்.

"அது எங்க ஆளுங்க வாயை அடைக்கறதுக்கு யாரோ சொன்னதுங்கம்மா. புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. நல்லாக் கத்தறான், கேளுங்க. ஏழு நாளைக்கு நான் வந்து தொப்புளைப் பார்த்துட்டுப் போறேன். அதுவும் சேர்த்துத்தான் பத்து."

உள்ளே பையன் கத்திக்கொண்டுதான் இருந்தான். கருப்பண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் வந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உள்ளே போய், ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கொண்டுவந்து முறத்தில் இருந்த ஒற்றை ரூபாய்க்குப் பக்கத்தில் வைத்தார். நான் நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். அரிசியையும் தேங்காயையும் மாரக்காளே என் பையில் கொட்டினாள்.

வண்டி வேண்டாமென்று நடந்தே வந்தேன். கால் வலித்தது. வீட்டு வாசலில் சௌந்திரம் நின்றாள். ஒவ்வொரு பிள்ளைப்பேற்றுக்குப் பிறகும் கேட்கிற கேள்வியையே கேட்டாள்.

"எவ்வளவும்மா வச்சாங்க?"

"வச்சதை எடுக்கலே. கேட்டேன்."

நான் உள்ளே போய் உட்கார்ந்து காலை நீட்டினேன்.

"அந்த ஹாஸ்டல் பாரத்தை எடு," என்றேன். "மையையும் எடுத்துக்கிட்டு வா."

தகரப் பெட்டியிலிருந்து எடுத்துத் தரையில் விரித்தாள். ஓரம் மடங்கியிருந்தது. நிப்பை மையில் தொட்டு, அந்தக் கட்டத்துக்கு நேராக வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். நான் சொல்லுகிற வரைக்கும் காத்திருந்தாள். அன்றைக்கு மாதிரி தானாக எழுதவில்லை.

"மாசம் அஞ்சு ரூபாய்னு எழுது."